மனைவியின் விசாவுக்கு வேலையிடத்தில் சம்பளக் கடிதம் கேட்டேன். 26,520 என்று எழுதித் தந்துவிட்டார்கள்

கரைச்சித் தம்பி | நவம்பர் 3, இரவு 9:40

வணக்கம். லண்டனில் ஒரு வெயார்ஹவுஸில் 2023 ஜனவரி 9 முதல் வேலை செய்கிறேன். எனக்கு இங்கே நிரந்தர வதிவிடம் இருக்கிறது. மனைவி கிளிநொச்சியில். அவரை எடுப்பதற்கு விண்ணப்பம் போட வேண்டும். ஆங்கிலச் சோதனை முடிவு பிந்தி வந்ததால் இப்போதுதான் மற்றக் கடதாசிகளைச் சரி பார்க்கிறேன்.

செப்டம்பரில் எச்ஆருக்கு ஒரு வரி எழுதிப் போட்டேன்: "விசா ஸ்பொன்சர் செய்ய எனக்குச் சம்பளச் சான்றிதழ் வேண்டும்." முதலில், "நாங்கள் விசாவுக்கு ஸ்பொன்சர் செய்வதில்லை" என்று பதில் வந்தது. மேற்பார்வையாளரைப் பிடித்துக் கதைத்த பிறகு ஒரு கடிதம் தந்தார்கள். அதில் இருப்பது இவ்வளவுதான்: இன்னார் எங்களிடம் 2023 ஜனவரி முதல் முழுநேரமாக வேலை செய்கிறார், ஆண்டுச் சம்பளம் 26,520 பவுண். திகதி செப்டம்பர் 18.

எனக்கு மணித்தியாலத்துக்கு 13.60. ஒப்பந்தப்படி கிழமைக்கு 37.5 மணித்தியாலம். ஆனால் ஓவர்டைம் எல்லா மாதமும் செய்கிறேன். வரி கழிக்க முன் மே முதல் ஒக்டோபர் வரை பேஸ்லிப்பில் இருப்பது: 2,480, 2,610, 2,390, 2,555, 2,430, 2,585. விசாவுக்கு ஆண்டு வருமானமாகக் கேட்கிறது 29,000. கடிதத்தில் 26,520 என்று இருப்பதைப் பார்த்த நாளில் இருந்து நித்திரை இல்லை. இந்தக் கடிதத்தோடு போடலாமா? திரும்பக் கேட்டால் எப்படிக் கேட்பது?

வல்வை மைந்தன் | நவம்பர் 3, இரவு 10:15

தம்பி, இந்தக் கடிதத்தோடு போடாதீர்கள். 29,000க்குக் கீழே ஒரு இலக்கம் கண்ணில் பட்டால் அவர்கள் மேலே படிக்கவே மாட்டார்கள். எச்ஆரிடம் போய், உங்கள் ஆறு மாதச் சம்பளத்தைக் கூட்டி இரண்டால் பெருக்கி, அதையே ஆண்டுச் சம்பளம் என்று போட்டுத் தரச் சொல்லுங்கள். என் மச்சானுக்கு 2019 இல் அப்படித்தான் எடுத்தோம். அப்போது 18,600 தான் கேட்டார்கள்.

குமரன், சென்னை | நவம்பர் 4, காலை 7:05

சார், நான் போன வருடம் பிரான்ஸ் போக விசா எடுத்தேன். கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு சம்பளச் சான்றிதழ், லீவு கொடுத்திருக்கிறோம் என்று ஒரு கடிதம், மூன்று மாத பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட். வேலை விட்டு ஓடிப்போக மாட்டார், திரும்பி வருவார் என்று எழுதியிருந்தால் போதும். உங்கள் கடிதத்தில் அந்த வரி இல்லை போலிருக்கிறதே?

மாலினி, லெஸ்டர் | நவம்பர் 4, காலை 8:20

குமரன், நீங்கள் சொல்வது சுற்றுலா விசாவுக்கு. அங்கே கடிதத்தின் வேலை, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று காட்டுவது. தம்பியுடையது குடும்ப விசா. இங்கே கடிதத்தின் வேலை, அவருடைய வருமானத்தை நிரூபிப்பது. லீவு பற்றியோ திரும்பி வருவது பற்றியோ எழுதத் தேவையில்லை. வேலை செய்பவர் லண்டனில், வரப்போவது மனைவி.

தம்பி, நான் ஒரு பராமரிப்பு இல்ல நிறுவனத்தில் சம்பளப் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இந்தக் கடிதங்களை எழுதுவதே என் வேலையில் ஒரு பகுதி. வழக்கறிஞர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப விசா விதிகளோடு ஒரு பின்னிணைப்பு இருக்கிறது, Appendix FM-SE என்று தேடினால் gov.uk இல் கிடைக்கும். சம்பளத்தில் வேலை செய்பவருக்கு வேலை கொடுத்தவரின் கடிதம் நான்கு விஷயங்களை உறுதிப்படுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. வேலையில் இருக்கிறார் என்பதும் மொத்த ஆண்டுச் சம்பளமும் முதலாவது. எவ்வளவு காலமாக வேலை செய்கிறார் என்பது இரண்டாவது. விண்ணப்பத்தில் காட்டுகிற அந்தச் சம்பள அளவு எந்தக் காலம் தொட்டுக் கொடுக்கப்படுகிறது என்பது மூன்றாவது. வேலை எந்த வகை, அதாவது நிரந்தரமா, குறித்த கால ஒப்பந்தமா, ஏஜென்சி மூலமா என்பது நான்காவது.

உங்கள் கடிதத்தை இதோடு வைத்துப் பாருங்கள். மூன்றாவது இல்லை. நான்காவது இருப்பது போலத் தெரியும், ஆனால் இல்லை. "முழுநேரம்" என்பது எத்தனை மணித்தியாலம் என்பதைத்தான் சொல்கிறது. ஆறு மாத ஒப்பந்தத்தில் இருப்பவரும் முழுநேரமாக வேலை செய்யலாம். "நிரந்தரம்" என்ற சொல் வேண்டும். நான் பார்த்த கடிதங்களில் பாதிக்கு மேல் விடுபடுவது இந்த இரண்டும்தான். எச்ஆரைக் குறை சொல்ல முடியாது. வீடு வாடகைக்கு எடுக்கவும் மோட்கேஜுக்கும் கேட்பவர்களுக்கென்று அவர்களிடம் ஒரு மாதிரிக் கடிதம் கணினியில் இருக்கும். எதற்கு என்று நீங்கள் சொல்லாவிட்டால் அதைத்தான் அச்செடுத்துத் தருவார்கள்.

திகதியும் பிரச்சினை. செப்டம்பர் 18 கடிதம் பழையதாகிவிட்டது. விண்ணப்ப நாள் வரை நீளும் காலத்துக்கான ஆதாரங்களில் கடைசியானது விண்ணப்பத்துக்கு முந்திய 28 நாளுக்குள் இருக்க வேண்டும். ஒக்டோபர் 31 பேஸ்லிப்பைக் கடைசியாக வைத்தால் நவம்பர் 28க்குள் போட வேண்டும். புதிய கடிதமும் அதே வட்டத்துக்குள் வரட்டும். எண்ணுவது இணையத்தில் படிவத்தை அனுப்பிக் கட்டணம் கட்டுகிற நாளை வைத்து. கைரேகை கொடுக்கப் போகும் நாளை வைத்து அல்ல.

26,520 பற்றி மத்தியானம் எழுதுகிறேன், வேலைக்குப் போக வேண்டும்.

துபாய் ரஃபீக் | நவம்பர் 4, காலை 9:50

எங்கள் கம்பெனி ஆப்பில் சேலரி சர்டிபிகேட் என்று அழுத்தினால், யாருக்கு, எதற்கு என்று இரண்டு கட்டம் வரும். வங்கிக் கடன் என்றால் ஒரு வடிவம், தூதரகம் என்றால் வேறு வடிவம். ஒருமுறை நான் அவசரத்தில் வங்கி என்று அழுத்திவிட்டேன். வங்கியின் பெயர் போட்டு வந்த கடிதத்தைத் தூதரகத்தில் வாங்கவில்லை, இரண்டு நாள் வீண். உங்கள் கடிதம் யார் பெயருக்கு இருக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி.

மாலினி, லெஸ்டர் | நவம்பர் 4, மதியம் 1:10

ரஃபீக், நல்ல கேள்வி. இங்கே யார் பெயருக்கு என்று விதியில் கட்டாயம் எதுவும் நான் பார்த்ததில்லை. நான் எழுதும்போது "UK Visas and Immigration" என்று போடுகிறேன். பொதுவாக "சம்பந்தப்பட்டவருக்கு" என்று போட்ட கடிதங்களும் போயிருக்கின்றன.

இனி அந்த இலக்கம். மணித்தியாலத்துக்கு 13.60, கிழமைக்கு 37.5, ஆண்டுக்கு 52 கிழமை. பெருக்கினால் 26,520. எச்ஆர் பிழையாக எழுதவில்லை. ஒப்பந்தத்தில் இருப்பதை எழுதியிருக்கிறார்கள். ஓவர்டைம் அதில் வராது.

பேஸ்லிப்புகளைக் கூட்டினால் ஆறு மாதத்துக்கு 15,050. ஆறால் வகுத்தால் மாதத்துக்கு 2,508 சொச்சம். பன்னிரண்டால் பெருக்கினால் 30,100. சம்பளம் மாதத்துக்கு மாதம் மாறுகிறவருக்கு, ஒரே இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால், இந்தச் சராசரிக் கணக்குத்தான். அந்த ஆறு மாதத்தில் உண்மையில் வாங்கிய ஓவர்டைமும் கணக்கில் சேரும். ஆகவே நீங்கள் 29,000க்கு மேலேதான் இருக்கிறீர்கள். நித்திரை கொள்ளுங்கள்.

ஆனால் வல்வை அண்ணா சொன்னபடி 30,100 ஐ "ஆண்டுச் சம்பளம்" என்று எழுதச் சொல்லிக் கேட்க வேண்டாம். அண்ணா சொன்னதில் ஒரு பாதி சரி: 26,520 மட்டும் தனியாக நிற்கக் கூடாது. மற்றப் பாதி ஆபத்து. ஒப்பந்தத்தில் ஒரு இலக்கம், கடிதத்தில் வேறு இலக்கம் என்றால், விசா அலுவலகம் தொலைபேசியில் கேட்கும்போது எச்ஆர் ஒப்பந்தத்தைப் பார்த்து 26,520 என்றுதான் சொல்வார். அப்போது பொய்த் தகவல் கொடுத்ததாகப் பேச்சு வரும். அது சாதாரண நிராகரிப்பை விட மோசம், அடுத்த விண்ணப்பத்திலும் பின்னால் வரும். இரண்டு இலக்கத்தையும் பெயர் சொல்லி எழுதினால் போதும்: அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, இந்த ஆறு மாதத்தில் ஓவர்டைம் உட்பட மொத்தமாகக் கொடுத்தது இவ்வளவு.

வல்வை மைந்தன் | நவம்பர் 4, மாலை 6:30

தங்கச்சி, அது சரிதான். மச்சானுக்கு மாதச் சம்பளம், ஓவர்டைம் இல்லை, அதனால் எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் கேட்கிறேன். தம்பிக்கு ஒப்பந்தத்தில் 37.5 என்று நிச்சயமான மணித்தியாலம் இருக்கிறதே. அப்போது அவரை நிலையான சம்பளக்காரர் என்றுதானே எடுப்பார்கள்? அதற்கு ஆறு மாதத்தில் மிகக் குறைந்த சம்பள அளவைத்தானே பார்ப்பார்கள்? 2,390 ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 28,680 தான் வருகிறது.

மாலினி, லெஸ்டர் | நவம்பர் 4, இரவு 9:00

அண்ணா, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். மணித்தியாலக் கூலியும் நிச்சயமான மணித்தியாலமும் சேர்ந்து வரும்போது எந்தப் பக்கம் எடுப்பார்கள் என்பதில் எனக்குத் தெரிந்த இரண்டு வழக்கறிஞர்களே ஒத்துப்போவதில்லை. ஆனால் 2,390 ஐ அப்படிப் பெருக்குவது சரி என்று நான் நினைக்கவில்லை. நிலையான பகுதி மாதத்துக்கு 2,210, அது ஆறு மாதமும் மாறவில்லை. அதன் மேலே வந்த ஓவர்டைம் ஆறு மாதத்தில் மொத்தம் 1,790. அதைச் சராசரியாக்கினால் ஆண்டுக்கு 3,580. 26,520 உடன் கூட்டிப் பாருங்கள், திரும்பவும் 30,100 தான் வருகிறது. எந்தப் பக்கம் எடுத்தாலும் அதே இடத்துக்கு வர வேண்டும் என்றால், கடிதத்தில் நிலையான பகுதியும் ஓவர்டைமும் பிரிந்து தெரிய வேண்டும். அதனால்தான் ஒரே இலக்கமாக எழுத வேண்டாம் என்கிறேன்.

தம்பி, இனி எப்படிக் கேட்பது என்பது. "ஸ்பொன்சர்" என்ற சொல்லை மட்டும் தனியே எழுதாதீர்கள். கொம்பனிக்காரருக்கு அது, வெளிநாட்டு ஊழியரை எடுக்கும் லைசன்ஸ் விஷயமாகத்தான் கேட்கும். உடனே பயந்து சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். கொம்பனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று முதல் வரியிலேயே தெரியட்டும். எங்களுக்கு வருகிறவற்றில் ஒழுங்காக இருந்த ஒரு மின்னஞ்சலின் சாரத்தை உங்கள் விவரத்தோடு தருகிறேன். ஆங்கிலத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

> பொருள்: என் மனைவியின் குடும்ப விசாவுக்கு வேலை, சம்பள உறுதிக் கடிதம். நவம்பர் 14க்கு முன் தேவை. பணியாளர் இலக்கம் இது.
>
> என் மனைவி இங்கே வந்து சேர்வதற்கான விசாவுக்கு நான் தனிப்பட்ட முறையில் விண்ணப்பத்துக்குத் துணை நிற்கிறேன். நிறுவனம் ஸ்பொன்சர் செய்ய வேண்டியதில்லை, எந்தப் பொறுப்பும் ஏற்க வேண்டியதில்லை. என் வேலை பற்றிய உண்மை விவரங்களை உறுதிப்படுத்தினால் போதும்.
>
> விசாவுக்காகக் கடிதத்தில் எனக்கு வேண்டியவை: வேலையில் சேர்ந்த திகதி, பதவி, வேலை நிரந்தரமா இல்லையா, மணித்தியாலக் கூலி, ஒப்பந்த மணித்தியாலம், அதன்படி மொத்த ஆண்டுச் சம்பளம், அந்தக் கூலி எந்தத் திகதியில் இருந்து கொடுக்கப்படுகிறது, மே முதல் ஒக்டோபர் வரை ஓவர்டைம் உட்பட வரிக்கு முன் கொடுத்த மொத்தம்.
>
> நிறுவன லெட்டர்ஹெட்டில், திகதியிட்டு, கையொப்பமிட்டவரின் பெயர், பதவி, நேரடித் தொலைபேசி, மின்னஞ்சலோடு தர முடியுமா? விசா அலுவலகம் சரிபார்க்கத் தொடர்பு கொள்ளலாம். அவர்களுக்கு என் விவரத்தை உறுதிப்படுத்த என் சம்மதத்தை இதன் மூலம் தருகிறேன். ஆறு மாத பேஸ்லிப்புகளை இணைத்திருக்கிறேன்.

கடைசி இரண்டு வரியை விட வேண்டாம். சம்மதம் எழுத்தில் இல்லாவிட்டால், யாராவது தொலைபேசியில் கேட்கும்போது எங்கள் போன்ற இடங்களில் ஒன்றும் சொல்ல மாட்டோம். பேஸ்லிப்பை இணைத்தால் எழுதுகிறவர் தேடிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே எழுதிவிடுவார்.

பெற்றோல் ஷெட் | நவம்பர் 5, இரவு 11:30

அக்கா, என் கதை வேறு. நான் வேலை செய்வது எங்கள் ஆள் ஒருவரின் பெற்றோல் ஷெட்டில். பேஸ்லிப்பில் கிழமைக்கு இருபது மணித்தியாலம், மிச்சம் கையில் காசு. முதலாளி நல்லவர், என்ன வேண்டுமென்றாலும் எழுதித் தருகிறேன் என்கிறார். 30,000 என்று ஒரு கடிதம் எடுத்தால் போதுமா?

மாலினி, லெஸ்டர் | நவம்பர் 6, காலை 7:45

தம்பி, போதாது. கடிதம் தனியாக எதையும் நிரூபிக்காது. பேஸ்லிப், வங்கிக் கணக்கு, கடிதம் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். பேஸ்லிப்பில் கையில் கிடைக்கும் தொகை எவ்வளவோ அது வங்கியில் விழுந்திருக்க வேண்டும். உள்துறை அமைச்சால் வரித் திணைக்களத்திடமும் சரிபார்க்க முடியும். அங்கே இருபது மணித்தியாலச் சம்பளம்தான் பதிவாகியிருக்கும். முதலாளி எழுதித் தருகிற கடிதம் உங்களுக்கும் அவருக்கும் சேர்த்து வினையாக முடியும். செய்கிற மணித்தியாலம் முழுவதையும் இன்றைக்கே பேஸ்லிப்பில் கொண்டுவரச் சொல்லுங்கள். அன்றிலிருந்து ஆறு மாதம் எண்ணுங்கள். வேறு நேர்வழி எனக்குத் தெரியவில்லை.

கரைச்சித் தம்பி | நவம்பர் 11, மாலை 5:20

அக்கா, நீங்கள் சொன்னபடியே எழுதிப் போட்டேன். இந்த முறை எச்ஆரில் இருந்து ஒருவர் தானாகவே அழைத்தார். "போன முறை இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்றார். இன்றைக்குக் கடிதம் வந்துவிட்டது. நிரந்தரம் என்று இருக்கிறது. 26,520 உம் இருக்கிறது, மே முதல் ஒக்டோபர் வரை ஓவர்டைம் 1,790 உட்பட 15,050 கொடுத்தோம் என்றும் இருக்கிறது. கையொப்பம், பெயர், தொலைபேசி எல்லாம் உண்டு. "2023 ஜனவரி 9 முதல் மணித்தியாலத்துக்கு 13.60 கொடுக்கப்படுகிறது" என்று ஒரு வரி. இனிப் போடலாம்தானே?

மாலினி, லெஸ்டர் | நவம்பர் 11, இரவு 8:05

தம்பி, பொறுங்கள். 2023 இல் சேர்ந்த நாளில் இருந்தே 13.60 ஆ கிடைத்தது?

கரைச்சித் தம்பி | நவம்பர் 11, இரவு 8:20

இல்லை அக்கா. சேரும்போது 11.20. 13.60 ஆனது இந்த வருடம் ஏப்ரல் 1 இல்தான்.

மாலினி, லெஸ்டர் | நவம்பர் 11, இரவு 8:50

அப்போது அந்த வரி பிழை. சேர்ந்த திகதியையும் கூலி கூடிய திகதியையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அடிக்கடி நடப்பது இது, ஏனென்றால் கணினியில் இரண்டு திகதியும் வேறு வேறு பக்கத்தில் இருக்கும். வருட முடிவில் வேலையிடம் தரும் உங்கள் பி60 சம்பள, வரிக் கணக்கையோ வரிப் பதிவையோ யாராவது எடுத்துப் பார்த்தால் போன வருடச் சம்பளம் இந்தக் கடிதத்தோடு பொருந்தாது. நீங்கள் ஒன்றும் மறைக்கவில்லை, ஆனாலும் பொருந்தாத கடதாசி சந்தேகத்தைத் தரும். ஏப்ரல் 1 என்று உண்மையை எழுதினால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை. உங்களுக்குத் தேவையான ஆறு மாதமும் மே மாதத்தில்தான் தொடங்குகிறது. "2023 ஜனவரி 9 முதல் வேலை செய்கிறார், ஏப்ரல் 1 முதல் 13.60 கொடுக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

குமரன், சென்னை | நவம்பர் 12, காலை 6:50

நான் விஷயத்தை மாற்றிப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். ஒன்று கேட்கலாமா? பிடிஎஃப் ஆக வருகிற கடிதத்தில் கையொப்பம் படமாக ஒட்டியிருந்தால் ஏற்பார்களா? எங்கள் ஆபீஸில் இப்போது பேனாவால் யாரும் கையெழுத்துப் போடுவதே இல்லை.

வல்வை மைந்தன் | நவம்பர் 12, காலை 10:30

மச்சானுக்குப் பேனாவால் போட்ட கடிதம்தான் வேண்டும் என்று வழக்கறிஞர் பிடிவாதமாக நின்றார். நான் அதைத்தான் சொல்வேன்.

மாலினி, லெஸ்டர் | நவம்பர் 12, மதியம் 12:40

இப்போது எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றுவதுதான். நான் படக் கையொப்பத்தோடு கொடுத்த கடிதங்களும் பிரச்சினை இல்லாமல் போயிருக்கின்றன. ஆனாலும் முடிந்தால் பேனாவால் கையொப்பமிட்டு ஸ்கேன் செய்யுங்கள் என்றுதான் எங்கள் ஆட்களுக்குச் சொல்கிறேன். கொம்பனிப் பெயரோடு உள்ள மின்னஞ்சலில் இருந்து கடிதம் வந்தால் அந்த மின்னஞ்சலையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கரைச்சித் தம்பி | நவம்பர் 17, இரவு 10:10

திருத்திய கடிதம் 14ஆம் திகதி வந்தது, பேனாக் கையொப்பத்தோடு. எச்ஆரில் இருந்தவரிடம் இன்னொன்றும் கேட்டேன்: யாராவது அழைத்தால் வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு இந்த விஷயம் தெரியுமா என்று. என் கோப்பில் ஒரு குறிப்பும் சம்மத மின்னஞ்சலும் வைத்திருக்கிறேன் என்றார். இன்றைக்குப் படிவத்தை அனுப்பிக் கட்டணம் கட்டிவிட்டேன். மனைவி 26ஆம் திகதி கொழும்புக்குப் போய்க் கைரேகை கொடுக்கிறார். செப்டம்பர் கடிதத்தையும் சேர்த்து ஏற்றவா, விடவா?

மாலினி, லெஸ்டர் | நவம்பர் 17, இரவு 10:45

விடுங்கள். 14ஆம் திகதிக் கடிதம், ஆறு பேஸ்லிப், அதே ஆறு மாதத்து வங்கிக் கூற்று. ஒவ்வொரு பேஸ்லிப்பின் கைச்சம்பளத்தையும் வங்கியில் விழுந்த வரியோடு ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். ஒப்பந்தப் பிரதியையும் போடுங்கள், 37.5 என்று அதில் இருப்பது கடிதத்துக்குத் துணை.

பெற்றோல் ஷெட் | நவம்பர் 18, அதிகாலை 12:15

அக்கா, முதலாளியிடம் கதைத்தேன். டிசம்பர் முதல் முழு மணித்தியாலமும் பேஸ்லிப்பில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். மணித்தியாலத்துக்கு 12.50, கிழமைக்கு 45 என்றால் சரியாக எவ்வளவு வரும்?

வல்வை மைந்தன் | நவம்பர் 18, காலை 7:30

29,250 தம்பி. மட்டுமட்டு. ஒரு கிழமை சுகமில்லாமல் நின்றால் சராசரி 29,000க்குக் கீழே போய்விடும். 46 அல்லது 47 ஆக்க முடியுமா என்று கேளுங்கள்.